மூன்று கோட்டா, ஏழு வாளியா? மொட்டை மாடி வாட்டர் புரூஃபிங் கணக்கு

ஐப்பசி மழை முடிந்து தை பிறந்ததும் சென்னைப் புறநகர்களில் ஒரு வேலை சூடுபிடிக்கும். மாடி அறையின் கூரையில் பழுப்பு வளையம் விழுந்த வீட்டுக்காரர்கள் வாட்டர் புரூஃபிங் ஆட்களைக் கூப்பிட்டு விலை கேட்பார்கள். வருகிறவர் மாடிக்கு ஏறி, நாலு மூலையும் நடந்து பார்த்துவிட்டு, ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பார்: ‘சதுர அடி 32 ரூபாய், மூன்று கோட், எல்லாம் சேர்த்து.’ அடுத்து வருகிறவர் இரண்டு பக்கத்துக்குக் கொட்டேஷன் அனுப்புவார். அதில் கோட் இரண்டுதான் இருக்கும், தொகையோ இரண்டு மடங்குக்கு மேல் போகும்.

கோட் குறைவு, விலை அதிகம் என்றதும் பெரும்பாலோர் முதல் சீட்டுக்கே கையை நீட்டுவார்கள். ஆனால் இந்த இரண்டு தாள்களும் ஒரே வேலைக்கான விலை அல்ல. பரப்பு, சதுர அடி விலை, கோட் எண்ணிக்கை, தளத்தைத் தயார் செய்யும் கூலி என்று இந்த வேலையின் செலவு நான்கு எண்களில் அடங்கும். நான்கையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தால்தான் யார் எதை விற்கிறார் என்பது தெரியும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாம்பரம் பக்கம் சாதாரணமாகக் காணக்கூடிய தனி வீடு. மொட்டை மாடியின் உள் அளவு 30 அடிக்கு 35 அடி. ஒரு மூலையில் படிக்கட்டு ஏறிவரும் ஹெட்ரூம், 8 அடிக்கு 10 அடி. மாடியைச் சுற்றிலும் ஒன்பது அங்குலக் கைப்பிடிச் சுவர். பூசப்போவது வாளியில் வரும் அக்ரிலிக் கோட்டிங். இங்கே வரும் விலைகள் கணக்கைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊரில் கொஞ்சம் ஏறும், இறங்கும். கணக்குப் போடும் முறை மாறாது.

எந்தச் சதுர அடி?

முதல் ஆள் டேப்பை வெளிச்சுவரில் வைத்து அளப்பார். இரண்டு பக்கமும் முக்கால் முக்கால் அடி கைப்பிடிச் சுவர் சேர, 31.5 அடிக்கு 36.5 அடி. ஏறக்குறைய 1,150 சதுர அடி. இந்த அளவில் சுவரின் தலைப்பகுதியும் ஹெட்ரூம் நிற்கும் இடமும் அடங்கிவிடுகின்றன. கைப்பிடிச் சுவரின் உள்பக்கம் மேல்நோக்கிப் பூச வேண்டிய பகுதி மட்டும் இதில் இல்லை.

அந்தப் பகுதிதான் முக்கியம். தளமும் சுவரும் சேரும் மூலையில்தான் தண்ணீர் அதிகம் இறங்குகிறது. தளம் கான்கிரீட், சுவர் செங்கல். வெயிலில் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. வருடம் முழுக்க நடக்கும் இந்த இழுபறியில் மூலையோரம் மெல்லிய கோடாக விரிசல் விடும். கோட்டிங் தளத்தோடு நின்றுவிட்டால், சுவரில் வழியும் மழை நேராக அந்தக் கோட்டுக்குள் போய்விடும். அதனால் சுவரில் குறைந்தது ஒரு அடி உயரம் வரை கோட்டிங்கை ஏற்ற வேண்டும்.

பூசப்படும் பரப்பை மட்டும் எடுத்து அளந்தால் கணக்கு இப்படி வரும். உள் அளவு 1,050 சதுர அடி. அதில் ஹெட்ரூம் நிற்கும் 80 போக, தளம் 970. சுற்றளவு 130 அடி. ஹெட்ரூம் மூலையில் இருப்பதால் அதன் இரண்டு சுவர்கள் கைப்பிடிச் சுவரின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன, ஆகவே ஓர நீளம் அதே 130 அடிதான். ஒரு அடி உயரத்துக்கு 130 சதுர அடி. ஹெட்ரூமின் மேல்தளம் 80. அதன் ஓரத்துச் சின்னக் கட்டை 36 அடி நீளம், அரை அடி உயரம் என்று 18. எல்லாம் கூட்டினால் 1,198, முழுசாக 1,200 சதுர அடி.

1,150-க்கும் 1,200-க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றலாம். இந்த வீட்டில் இல்லை. ஆனால் இடம் சிறுத்தால் ஓரம் பெருக்கும். 10-க்கு 12 அடி பால்கனித் தளம் 120 சதுர அடிதான். அதன் சுற்றளவு 44 அடி. சதுர அடிக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஓர வேலை வந்துவிடுகிறது. நம் பெரிய மாடியில் அது எட்டில் ஒரு பங்கு. சின்ன இடத்துக்கு ஆட்கள் சதுர அடி விலையைக் கூட்டிச் சொல்வதற்கு இதுவும் ஒரு நியாயமான காரணம். எனவே விலை பேசும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘சுவர் ஏற்றம் இந்தச் சதுர அடியில் உண்டா, தனியா?’ என்பதுதான். உண்டு என்றால் எத்தனை அங்குலம் என்று தாளில் எழுதி வாங்குங்கள்.

கோட் என்பது அளவு அல்ல

அடுத்தது கோட். மூன்று கோட் என்றால் இரண்டு கோட்டைவிடக் கெட்டி என்று நினைப்பது இயல்பு. ஆனால் கோட் என்பது ஒருமுறை பிரஷ் அல்லது ரோலர் ஓட்டி முடிப்பது, அவ்வளவுதான். அதில் எவ்வளவு சரக்கு தளத்தில் இறங்கியது என்பதை அந்தச் சொல் சொல்லாது. தண்ணீரைத் தடுப்பது காய்ந்த பின் தளத்தில் நிற்கும் படலத்தின் கனம். அந்தக் கனத்தை வீட்டுக்காரரே வாளிக் கணக்கில் கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு லிட்டர் கோட்டிங்கை ஒரு சதுர மீட்டரில், அதாவது 10.76 சதுர அடியில், சீராகப் பரப்பினால் ஈரத்தில் அதன் கனம் சரியாக ஒரு மில்லிமீட்டர். அதிலுள்ள தண்ணீர் ஆவியாகிப் போன பின் மிஞ்சுவதுதான் படலம். எவ்வளவு மிஞ்சும் என்பதை அந்தச் சரக்கின் தொழில்நுட்பத் தாளில் திடப்பொருள் கன அளவுச் சதவீதமாகக் கொடுத்திருப்பார்கள். நம் கணக்குக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் அடித்தால் காய்ந்த படலம் அரை மில்லிமீட்டர்.

நம் 1,200 சதுர அடி என்பது 111.5 சதுர மீட்டர். காய்ந்த பின் 0.6 மி.மீ. படலம் வேண்டுமென்றால் சதுர மீட்டருக்கு 1.2 லிட்டர் இறங்க வேண்டும். மொத்தம் 134 லிட்டர். 20 லிட்டர் வாளியாகப் பார்த்தால் ஏழு வாளி.

இப்போது முதல் சீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி.

“எத்தனை வாளி இறக்குவீங்க?”

“மூணு வாளி தாராளமாப் போதும் சார். தண்ணி கலந்து அடிச்சா நல்லா ஓடும். மூணு கோட் வந்துடும்.”

அவர் சொன்னது பொய் இல்லை. மூன்று வாளியில் மூன்று கோட் வரத்தான் செய்யும். ஆனால் 60 லிட்டரை 111.5 சதுர மீட்டரில் பரப்பினால் மூன்று கோட்டும் சேர்ந்து ஈரத்தில் 0.54 மி.மீ., காய்ந்தபின் 0.27 மி.மீ. நாம் எழுதப் பயன்படுத்தும் ஏ4 தாள் மூன்றை அடுக்கினால்கூட அதைவிடக் கனமாக இருக்கும். அந்த மெல்லிய படலம் சித்திரை வெயிலையும் மாடியில் நடக்கும் கால்களையும் இழுத்துப் போடும் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் தாங்க வேண்டும். ஏழு வாளியில் இரண்டே கோட் அடித்தவரின் படலம் இதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல்.

தண்ணீர் கலப்பதே தவறு என்று சொல்ல முடியாது. அடியில் போடும் பிரைமர் கோட்டுக்குத் தண்ணீர் கலந்து நீர்க்கவைப்பது இந்த வகைச் சரக்கில் வழக்கம்தான். சிமென்ட்டின் நுண்துளைகளுக்குள் அது இறங்க வேண்டும் அல்லவா? மேல் கோட்டுகளில் கலப்பதுதான் சிக்கல். தயாரிப்பாளர் அனுமதித்ததற்கு மேல் தண்ணீர் சேர்த்தால் கோட் எண்ணிக்கை கூடும், கனம் கூடாது. பிரைமரையும் ஒரு கோட்டாக எண்ணி ‘மூன்று கோட்’ என்று சொல்வதும் உண்டு. பிரைமர் போக மேல் கோட் எத்தனை என்று தனியே கேட்டால் அது வெளிவந்துவிடும்.

அதற்காக ஏழு வாளியையும் ஒரே கோட்டில் ஊற்றிவிடவும் முடியாது. கனமாகப் போட்டால் மேல்பக்கம் தோல் கட்டி, அடியில் ஈரம் மாட்டிக்கொள்ளும், காயும்போது வெடிக்கும். ஒரே கோட்டில் ஊசித்துளைகள் விட்டுப் போவதும் சகஜம். அதனால்தான் முதல் கோட்டை வடக்கு-தெற்காக ஓட்டினால் அடுத்ததைக் கிழக்கு-மேற்காக ஓட்டுவார்கள். ஒன்றில் விட்டதை மற்றது மூடும். கோட்டுகளின் பயன் அதுதான்: கனத்தைப் பங்கிட்டுப் போடுவதும் துளையை மூடுவதும்.

சதுர அடி விலையைப் பேசும்போது இன்னொரு தெளிவும் வேண்டும். ‘19 ரூபாய்’ என்றால் ஒரு கோட்டுக்கா, முழு வேலைக்கா? கொட்டேஷன்களில் இரண்டு வழக்கமும் இருக்கின்றன. ஒரு கோட்டுக்கு என்றால் இரண்டு கோட்டுக்கு 38 ஆகிவிடும். இதை வாயால் பேசி முடித்துவிட்டு, வேலை முடிந்த அன்று தகராறு செய்யும் வீடுகள் உண்டு.

பெருக்கித் தருவது தயாரிப்பு ஆகாது

நான்காவது எண்தான் கொட்டேஷனில் எளிதில் காணாமல் போவது: தளத்தைத் தயார் செய்யும் கூலி. முதல் சீட்டில் இது ‘எல்லாம் சேர்த்து’ என்ற இரண்டு சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. அதன் பொருள் பல இடங்களில் தென்னந்துடைப்பத்தால் பெருக்கி, ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றுவதோடு நின்றுவிடும்.

கோட்டிங் எதன்மேல் ஒட்டுகிறதோ அதைவிட உறுதியாக இருக்க முடியாது. பாசிமேல் அடித்தால் பாசியோடு உரியும். உதிரும் பழைய சுண்ணாம்பின்மேல் அடித்தால் அதோடு சேர்ந்து பொடியாகும். அதனால் ஒழுங்காகச் செய்கிறவர் முதல் நாள் வாளியைத் திறக்கவே மாட்டார். வயர் பிரஷ்ஷும் கரண்டியும் வைத்துப் பாசியையும் பழைய பெயின்ட்டையும் சுரண்டி எடுப்பார். பிரஷர் பம்ப்பில் கழுவுவார். அதன்பின் தளம் காய வேண்டும். கழுவிய பின்தான் விரிசல்கள் நன்றாகக் கண்ணில் படும்: தளம் காயும்போது விரிசல் ஓரங்களில் மட்டும் ஈரம் கடைசியில் காய்வதால், அவை கருங்கோடுகளாகத் தெரியும். சாக்பீஸால் அப்போதே குறித்துவிட வேண்டும்.

குறித்த விரிசல்களை அப்படியே பூசி மூடுவது வீண்வேலை. கிரைண்டர் கட்டரால் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கும் ஆழத்துக்கும் வெட்டி வாயைத் திறந்து, தூசியை ஊதி எடுத்து, பாலிமர் கலந்த சிமென்ட் கலவையை அழுத்தி நிரப்ப வேண்டும். தளமும் சுவரும் சேரும் மூலையில் அதே கலவையால் இரண்டு அங்குல அளவுக்குச் சரிவாக வளைத்துப் பூச வேண்டும். ‘கோவிங்’ என்று கொட்டேஷனில் வருவது இதுதான். செங்கோணமாக இருக்கும் மூலையில் கோட்டிங் மெலிந்து போகும், தண்ணீரும் தங்கும். வளைவாக்கினால் இரண்டும் தீரும். மழைநீர்க் குழாயின் வாய், தண்ணீர்த் தொட்டிக் குழாய்கள் தளத்தைத் துளைக்கும் இடம், டிஷ் ஆன்டெனாவுக்கு யாரோ அடித்த போல்ட் ஆகியவற்றைச் சுற்றியும் இதே வேலை.

பழைய வீடுகளில் இன்னொரு சோதனையும் உண்டு. நம் ஊர் மாடிகளில் கான்கிரீட்டின்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த தளம் போட்டு, அதன்மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். சிறு சுத்தியலின் கைப்பிடியால் ஓடுகளைத் தட்டிக்கொண்டே போனால், பிடிப்பு விட்ட இடத்தில் வெற்றுச் சத்தம் கேட்கும். அங்கே ஓட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருக்கலாம். மேலே கோட்டிங் அடித்து மூடினால் உள்ளே உள்ள ஈரம் வெயிலில் ஆவியாகி மேல்நோக்கித் தள்ளும். கோட்டிங் கொப்பளிக்கும், மறுபக்கம் அறைக்குள் சொட்டுவதும் தொடரும். அப்படிப்பட்ட ஓடுகளைப் பெயர்த்து மறுபடி பதிக்காமல் கோட்டிங் பேசுவதில் அர்த்தமில்லை.

தளம் காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் தாளை மாடியில் விரித்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, மாலையில் விட்டு அடுத்த நாள் 16 மணி நேரம் கழிந்தபின் எடுத்துப் பாருங்கள். தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, மூடிய இடம் கறுத்திருந்தாலோ, அக்ரிலிக் அடிக்க இன்னும் நாள் இருக்கிறது.

தயாரிப்புக் கூலி வீட்டுக்கு வீடு மாறுவது இதனால்தான். கழுவிச் சுரண்டுவது பரப்பைப் பொறுத்தது, அதைச் சதுர அடியில் பேசலாம். விரிசலும் கோவிங்கும் நீளத்தைப் பொறுத்தவை, அவற்றை ஓடும் அடியில் பேச வேண்டும். வாட்டம் இல்லாத மாடியில் வாட்டம் எடுப்பதும், ஓடு பெயர்ப்பதும் தனி வேலை, தனி விலை. வாட்டம் 100-க்கு ஒன்று என்றால் 35 அடி நீளத்தில் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் நாலு அங்குலத்துக்குச் சற்று மேல் உயர வித்தியாசம் வேண்டும். மழை நின்ற மறுநாளும் குட்டை நிற்கிற மாடியில் அது இல்லை என்று பொருள். இத்தனையையும் ஒரே சதுர அடி விலைக்குள் அடைத்துச் சொல்கிறவர், ஒன்று நஷ்டப்பட வேண்டும். இல்லை எதையாவது செய்யாமல் விட வேண்டும்.

இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால்

நான்கு எண்களும் சேரும் சூத்திரம் எளிதுதான்:

செலவு = பரப்பு × (ஒரு கோட் விலை × கோட் எண்ணிக்கை + பிரைமர் விலை + தயாரிப்பு விலை) + ஓடும் அடி வேலைகள் + வரி

இரண்டாமவரின் கொட்டேஷன் இந்த அமைப்பில்தான் இருக்கிறது. மேல் கோட் ஒன்றுக்குச் சதுர அடிக்கு 19 ரூபாய், இரண்டு கோட். பிரைமர் 5 ரூபாய். கழுவிச் சுரண்டித் தயார் செய்ய 12 ரூபாய். விரிசல் 60 அடிக்கு, அடிக்கு 50 ரூபாய். கோவிங் 130 அடிக்கு, அடிக்கு 40 ரூபாய்.

கோட்டுக்கு 1,200 × 19 × 2 = 45,600 ரூபாய். பிரைமர் 6,000. தயாரிப்பு 14,400. விரிசல் 3,000. கோவிங் 5,200. கூட்டினால் 74,200 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. 13,356 சேர்ந்து 87,556 ரூபாய். சதுர அடிக்கு எல்லாம் அடங்க 73 ரூபாய்.

முதல் சீட்டு 1,150 × 32 = 36,800 ரூபாய். பில் கிடையாது, வரியும் கிடையாது. ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் தொழில் செய்யும் சிறு ஒப்பந்தக்காரர் ஜி.எஸ்.டி. பதிவு செய்யத் தேவையில்லை என்பதால் அதை மட்டும் வைத்து அவரைக் குறை சொல்லவும் முடியாது.

50,000 ரூபாய் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். வாளி 5,000 ரூபாய் என்றால், மூன்று வாளி 15,000. ஏழு வாளி 35,000. சரக்கிலேயே 20,000 வித்தியாசம். முதலாமவரும் ஏழு வாளி இறக்கினால் அவர் விலை 56,800 ஆகிவிடும். விரிசல், கோவிங் 8,200 சேர்த்தால் 65,000. இரண்டாமவரின் வரிக்கு முந்திய 74,200-உடன் அதை ஒப்பிட்டால் மிஞ்சுவது 9,200 ரூபாய். கழுவிச் சுரண்டுவதை எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறார்கள் என்பதும் இலாபமும்தான் அதில் அடங்கியிருக்கிறது. பேரம் பேசுவதானால் பேச வேண்டிய இடம் அதுதான். ‘எழுபத்தி நாலை ஐம்பதுக்கு முடிச்சுக் கொடுங்க’ என்று மொத்தத் தொகையில் கை வைத்தால், குறைவது அவர் இலாபமாக இருக்காது, வாளியாக இருக்கும்.

விலை குறைந்ததை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 87,556-ஐ 36,800-ஆல் வகுத்தால் 2.4. அதாவது விலை கூடிய வேலை மற்றதைப்போல 2.4 மடங்கு காலம் நின்றால்தான் வருடச் செலவு சமமாகும். மலிவு வேலை இரண்டு வருடம் நின்றால் மற்றது ஐந்து வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக நின்றாலே போதும். ஆனால் இந்தக் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது. உரிந்த கோட்டிங்மேல் புதிதாக அடிக்க முடியாது. பழையதைச் சுரண்டி எடுக்க வேண்டும். பாதி ஒட்டியும் பாதி உரிந்தும் கிடக்கும் படலத்தைச் சுரண்டுவது வெறும் தளத்தைக் கழுவுவதைவிடக் கூலி அதிகம் பிடிக்கும். முதல் தடவை மிச்சம்பிடித்த தயாரிப்புக் கூலி இரண்டாம் தடவை கூடுதலாகவே கேட்கும்.

வேலை நடக்கும்போது

கொட்டேஷனில் ‘ஏழு வாளி, சீல் பிரிக்காமல் வீட்டில் இறக்கப்படும்’ என்று எழுதச் சொல்லுங்கள். வாளிகளைப் போட்டோ எடுத்துக்கொண்டு, காலி வாளிகளை வேலை முடியும்வரை எடுத்துப்போக விடாதீர்கள். முதல் மேல் கோட் முடிந்ததும் எண்ணினால் மூன்று, மூன்றரை வாளி காலியாகியிருக்க வேண்டும். ஒன்றரைதான் காலி என்றால் அப்போதே கேட்டுவிடலாம். இரண்டாவது கோட்டும் காய்ந்தபின் கேட்டுப் பயனில்லை.

பணத்தையும் அதே வரிசையில் பிரியுங்கள். தயாரிப்பு முடிந்ததும் மாடி ஏறி விரிசல் நிரப்பியதையும் கோவிங்கையும் கண்ணால் பார்த்த பின் ஒரு பங்கு. கோட் முடிந்ததும் ஒரு பங்கு. தண்ணீர் தேக்கிப் பார்த்த பின் கடைசிப் பங்கு. தயாரிப்புதான் கோட்டிங்குக்கு அடியில் புதைந்துபோகும் வேலை. மூடும் முன் பார்க்காவிட்டால் பிறகு பார்க்கவே முடியாது.

தேக்கிப் பார்ப்பது இப்படி. கோட்டிங் முழுதாகக் காய, வாளியில் சொன்ன நாட்கள் விட்டு, மழைநீர்க் குழாய் வாயை அடைத்து, தளத்தில் ஓர் அங்குலத் தண்ணீர் நிற்க விடுங்கள். 48 மணி நேரம் நின்றும் கீழே கூரையில் புது ஈரம் இல்லையென்றால் தேறியது. வாட்டம் அதிகமுள்ள மாடியில் தாழ்ந்த பக்கம் ஆழம் கூடிவிடும் என்பதால், சிமென்ட்டாலோ களிமண்ணாலோ வரப்புக் கட்டிப் பகுதி பகுதியாகச் செய்வது நல்லது. இதற்கும் கசிந்தால் தளத்தைக் குற்றம் சொல்லும் முன் கைப்பிடிச் சுவரின் தலைப்பையும், தொட்டி நிரம்பி வழியும் குழாயையும், சுவருக்குள் ஓடும் பைப்பையும் பாருங்கள். மழை இல்லாத நாளிலும் சொட்டினால் அது மாடித் தளத்தின் தவறு அல்ல, குழாயின் தவறு.

உத்தரவாதத் தாளையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். சரக்கை மட்டும் திரும்பத் தருவதாக இருந்தால், மறுபடி அடிக்கும் கூலியும் சுரண்டும் கூலியும் உங்கள் தலையில்தான் விழும். தண்ணீர் தேங்கும் தளத்துக்கு உத்தரவாதம் செல்லாது என்ற வரி இருந்தால், வாட்டம் சரியில்லாத மாடிக்கு அந்தத் தாள் வெறும் தாள்தான். கூரைச் சூட்டைக் குறைக்கும் வெள்ளைப் பெயின்ட்டை வாட்டர் புரூஃபிங் என்று நம்பி வாங்குவதும் நடக்கிறது. வெயிலைத் திருப்பி அனுப்புவது ஒரு குணம், விரிசலைத் தாண்டி இழுபட்டு நிற்பது வேறு குணம். இரண்டும் ஒரே வாளியில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

கையில் நாற்பதாயிரம்தான் இருக்கிறது என்றால்

பலருக்கும் உண்மையான கேள்வி இதுதான். 87,000 ரூபாய்க்கு இந்த வருடம் வழியில்லை, 40,000 இருக்கிறது. அப்படியானால் முதல் சீட்டைத் தவிர வேறு வழியில்லை என்று தோன்றும். உண்டு.

நல்ல கொட்டேஷனையே எடுத்து, பரப்பைக் குறையுங்கள், கனத்தைக் குறைக்காதீர்கள். மாடி முழுவதும் கழுவிச் சுரண்ட 14,400. விரிசல் அனைத்தும் வெட்டி நிரப்ப 3,000. கோவிங் 5,200. இதுவரை 22,600 ரூபாய். பிறகு கோட்டிங்கை ஓரங்களுக்கு மட்டும் அடியுங்கள்: சுவரில் ஒரு அடி, தளத்தில் ஒரு அடி என 130 அடி நீளத்துக்கு 260 சதுர அடி. பிரைமரும் இரண்டு முழுக் கோட்டுமாகச் சதுர அடிக்கு 43 ரூபாய் வீதம் 11,180. மொத்தம் 33,780; வரியோடு 39,860 ரூபாய்.

முதல் சீட்டைவிட 3,000 ரூபாய்தான் கூடுதல். மாடி பாதிக்கு மேல் பழைய நிறத்திலேயே கிடக்கும், பார்க்க அழகாக இருக்காது. ஆனால் தண்ணீர் அதிகம் இறங்கும் மூலையும் கண்ணுக்குத் தெரிந்த விரிசல்களும் ஒழுங்காக அடைபட்டிருக்கும். தேக்கிப் பார்த்துக் கசிவு நின்றுவிட்டால், மிச்சமுள்ள 940 சதுர அடிக்கு வரி நீங்கலாக 40,420 ரூபாயும் திரும்பக் கழுவும் கூலியும் அடுத்த தை மாதத்துக்குத் தள்ளிப்போகும். நிற்கவில்லையென்றால் கசிவு நடுத்தளத்தில்தான் என்பது உறுதியாகத் தெரிந்துவிடும். தளம் முழுக்க வலைபோல் மெல்லிய விரிசல் ஓடியிருந்தாலோ, ஓடுகள் பாதிக்கு மேல் பிடிப்பு விட்டிருந்தாலோ இந்த வழி உதவாது. அங்கே முழு வேலைதான் செய்தாக வேண்டும்.

எந்த வழியானாலும் கொட்டேஷனில் ஐந்து வரி இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்: சுவர் ஏற்றம் சேர்ந்த பரப்பு, பிரைமர் போக மேல் கோட் எத்தனை, விலை ஒரு கோட்டுக்கா முழுவதற்கா, மொத்தம் எத்தனை வாளி, தயாரிப்பில் எது உண்டு எது இல்லை. இந்த ஐந்தையும் எழுதித் தரத் தயங்காதவர் சொல்லும் விலைதான் ஒப்பிடத் தகுந்த விலை.